மூன்று மாதமாக "பிராசஸ்ல இருக்கு": நின்றுபோன மெடிக்கல் கிளெய்முக்குக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் தேதிவாரியாக எழுதுவது எப்படி

எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். 2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜவுளிக்கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அண்ணிக்குப் பித்தப்பையில் கல். பிப்ரவரியில் லேப்ராஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில் இல்லாததால், கையிலிருந்த பணத்தோடு கடனும் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு இன்சூரன்ஸில் திரும்பக் கேட்டிருந்தார். "போன் பண்ணா பிராசஸ்ல இருக்குங்கறாம்மா. மூணு மாசமா அதே வார்த்தை. யாருகிட்ட போய் சண்டை போடறதுன்னே தெரியல" என்றார்.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வேலையில் எந்தக் காகிதம் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பதுதான் எல்லாம். அந்தப் பழக்கத்தில் அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து எழுதிய கடிதத்தை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் மெடிக்கல் கிளெய்ம், நிராகரிக்கவும் படாமல் பணமும் வராமல் இழுத்துக்கொண்டே போகும்போது என்ன செய்வது என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது. நிராகரித்த கிளெய்முக்கு வாதம் வேறு, அது இங்கே வராது.

முதலில்: உங்கள் கிளெய்ம் உண்மையிலேயே தாமதமா?

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். ஆனால் கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாலிசி புத்தகத்தில் கிளெய்ம் தீர்ப்பது பற்றிய பகுதியைத் திறந்து பாருங்கள். "தேவையான கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து" இத்தனை நாளுக்குள் கிளெய்மை ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் மாறிய பிறகு வந்த பாலிசிகளில் பெரும்பாலும் 15 நாள் என்றும், பழைய வாசகங்களில் 30 நாள் என்றும் பார்க்கலாம். அண்ணனின் பாலிசியில் 15 நாள்.

கவனிக்க வேண்டியது நாள் கணக்கை அல்ல, "கடைசி ஆவணம்" என்ற சொல்லை. கிளெய்ம் போட்ட நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கம்பெனி பக்கத்தில், ஒவ்வொரு முறை குவெரி என்று இன்னொரு காகிதம் கேட்கும்போதும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போகிறது. முதல் குவெரியில் ஒரு காகிதம், அது போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. இப்படித்தான் மூன்று மாதம் ஓடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் கோப்பைத் திறப்பதாலும் இது நடக்கும். காரணம் எதுவானாலும், எந்த நாளில் அவர்கள் கையில் எல்லாமே சேர்ந்துவிட்டது என்று நீங்கள் காட்டிவிட்டால் கடிகாரம் அந்த நாளிலிருந்துதான் ஓடும், மறுபடி பூஜ்யத்துக்குப் போகாது. கடிதத்தின் வேலை அந்த ஒரு தேதியை ஆணி அடித்து வைப்பதுதான்.

அதற்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு தாளின் இடப்பக்கத்தில் அவர்கள் இதுவரை கேட்ட ஒவ்வொரு ஆவணத்தையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அது அவர்களுக்குக் கிடைத்த தேதியையும், கிடைத்ததற்குச் சான்றையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஒரு இடமாவது காலியாக இருந்தால், கம்பெனியில் புகார்களைப் பார்க்கும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் இன்னும் போகாதீர்கள். அந்தக் காகிதத்தை முதலில் கொடுங்கள். கேன்சல் செய்த செக், ஆஸ்பத்திரியின் பதிவுச் சான்று, கையெழுத்தில்லாத கிளெய்ம் பாரம் என்று ஏதாவது ஒன்று உண்மையிலேயே போகாமல் இருந்தால், "ஆவணம் நிலுவையில் உள்ளது" என்ற ஒரு வரியில் உங்கள் புகார் மூடப்படும்.

தேதிகளைத் தோண்டி எடுப்பது

அண்ணன் கொண்டுவந்த பையில் எல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் வரிசையில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரிக்குள் பால் கார்டு, மருந்து பில்லுக்கு நடுவில் இன்ஜின் ஸ்பேர் ரசீது. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தேதி போட்ட காகிதங்களை மட்டும் தனியாக எடுத்தோம்.

கூரியர் ரசீதில்தான் மாட்டிக்கொண்டோம். மார்ச் மாதம் ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவான கேஸ் பேப்பரை அனுப்பிய ரசீதை அண்ணன் பத்திரமாக ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்தார். அது தெர்மல் பேப்பர். இரண்டு மாத வெயிலில் எழுத்து முழுக்கப் போய், வெறும் மஞ்சள் துண்டாகக் கையில் வந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. போனை வாங்கி எஸ்.எம்.எஸ். பெட்டியில் கூரியர் பெயரைத் தேடினேன். மார்ச் 14-ல் புக் ஆனதும், மார்ச் 17-ல் டெலிவரி ஆனதும், கன்சைன்மென்ட் நம்பரோடு அப்படியே இருந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம். தெர்மல் ரசீது எதுவானாலும் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் அனுப்பியது மார்ச் 14, அவர்களுக்குக் கிடைத்தது மார்ச் 17. காலவரிசையில் எழுத வேண்டியது 17. பாலிசி வாசகம் "கிடைத்த நாள்" என்றுதான் சொல்கிறது. மூன்று நாளை விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் அவர்கள் பதிவேட்டில் இருக்கும் தேதியோடு உங்கள் தேதி ஒத்துப்போனால், படிக்கிறவர் மற்றத் தேதிகளையும் நம்புவார். ஒரு தேதி தப்பாக இருந்தால் கடிதம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தேதி கிடைக்கும் இடங்கள் இவை: கம்பெனிக்காகக் கிளெய்ம் கோப்பைப் பார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்தின் அலுவலகத்தில் முத்திரை போட்டுக் கொடுத்த நகல், கிளெய்ம் எண் வந்த எஸ்.எம்.எஸ்., குவெரி மெயில்கள், நீங்கள் மெயில் அனுப்பியதும் வந்த தானியங்கிப் பதில், கம்பெனி ஆப்பில் கிளெய்ம் நிலையைக் காட்டும் பக்கம். ஆப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன பிறகு அங்கே வாசகம் மாறலாம்.

போன் பேச்சை என்ன செய்வது? அண்ணன் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பார். "பலமுறை தொலைபேசியில் தொடர்புகொண்டேன்" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். அந்த வாக்கியத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. தேதியும் கோரிக்கை எண்ணும் உள்ள அழைப்பை மட்டும் எழுதுங்கள். இருபதில் ஒன்றுக்குத்தான், மே 9-ல் பேசியதற்கு, எஸ்.எம்.எஸ்.ஸில் எண் வந்திருந்தது. அதை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற பத்தொன்பதையும் விட்டுவிட்டோம்.

யாருக்கு அனுப்புவது

டி.பி.ஏ.வுக்கு அல்ல, ஏஜென்டுக்கும் அல்ல, பாலிசி எடுத்த கிளைக்கும் அல்ல. டி.பி.ஏ. என்பது கோப்பைப் பார்த்துத் தரும் இடைநிலை நிறுவனம். பணம் தர வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி, பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். பாலிசியின் கடைசிப் பக்கங்களில் குறைதீர்ப்புப் பகுதி ஒன்று இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் அடிப்பகுதியில் Grievance Redressal என்று இருக்கும். அங்கே குறைதீர்ப்பு அதிகாரியின் மெயில் முகவரியும் அலுவலக முகவரியும் கொடுத்திருப்பார்கள். பாலிசி அச்சான பிறகு முகவரி மாறியிருக்கலாம், அதனால் இரண்டையும் ஒப்பிட்டு, இணையதளத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் சேவை மெயிலும் குறைதீர்ப்பு மெயிலும் வேறு வேறு. இது பலருக்குத் தெரியாது. விதிகளில் "புகார்" என்பதற்கு விளக்கம் உண்டு. கம்பெனியின் செயலில் அல்லது செய்யாமல் விட்டதில் உள்ள அதிருப்தியை எழுத்தில் சொல்வதுதான் புகார், மெயிலும் அதில் அடங்கும். வெறும் விசாரிப்பும் வேண்டுகோளும் புகார் ஆகாது. "என் கிளெய்ம் நிலை என்ன என்று தெரிவிக்கவும்" என்று நீங்கள் பத்து மெயில் போட்டாலும் அவை பத்து விசாரிப்புகள்தான். அண்ணன் மகன் அப்படி நான்கு மெயில் போட்டிருந்தான். நான்குக்கும் "உங்கள் கேள்விக்கு நன்றி" என்று பதில் வந்திருந்தது. அதனால் பொருள் வரியில் GRIEVANCE என்ற சொல்லை ஆங்கிலத்திலேயே போடுங்கள். கடிதத்தின் முதல் வரியிலும் "இது புகார், புகார் எண் தரவும்" என்று எழுதுங்கள்.

அனுப்புவது பாலிசிதாரரின் பெயரில், பாலிசியில் பதிந்த மெயிலிலிருந்து போக வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன், ஆனால் அனுப்பியது அண்ணன் மெயிலிலிருந்து, கீழே அவர் கையெழுத்து. வேறு மெயிலிலிருந்து போனால் "பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதவும்" என்று கேட்டே ஒரு வாரம் போகலாம். மெயிலோடு கூட, அதே கடிதத்தை அச்செடுத்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினோம். பிறகு, இன்சூரன்ஸ் புகார்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆம்புட்ஸ்மன் வரை போக நேர்ந்தால், கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த தேதிக்கு அது இரண்டாவது சாட்சி.

என்ன கேட்கிறீர்கள்?

நான் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிகின்றன. ஆவன என்றால் எது? அந்த அதிகாரி "உங்கள் கோப்பு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் போட்டால், அதுவே ஆவன செய்ததுதான். புகாரையும் மூடிவிடலாம். கோரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்றால், அதற்குச் செய்தேன் என்றோ இல்லை என்றோ மட்டுமே பதில் சொல்ல முடிய வேண்டும்.

முதலில் தொகை. ஆஸ்பத்திரி பில் ₹1,12,640. அதில் கையுறை, பதிவுக் கட்டணம், கூட இருந்தவர் சாப்பாடு போன்றவை பாலிசியில் கிடைக்காது என்று நமக்கே தெரியும். அவை ₹3,640. அதைக் கழித்து ₹1,09,000 என்று கேட்டோம். அறை வாடகை வரம்பையும் பார்த்தோம். மூன்று லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு ₹3,000. அண்ணி இருந்த அறை ₹2,800, அதனால் சிக்கல் இல்லை. வரம்பைத் தாண்டிய அறை என்றால் டாக்டர் பீஸ் உட்பட மற்றச் செலவுகளிலும் அதே விகிதத்தில் கழிக்கும் பாலிசிகள் உண்டு. அதைக் கவனிக்காமல் முழு பில்லையும் கேட்டால், தாமதத்தைப் பற்றிய புகார் தொகையைப் பற்றிய விவாதமாகத் திசைமாறிவிடும்.

அடுத்தது வட்டி. தாமதமானால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து, கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து பணம் தரும் நாள் வரை வட்டி உண்டு என்று பாலிசியிலேயே இருந்தது. வங்கி விகிதம் என்பது ரிசர்வ் வங்கி அறிவிப்பது. கிளெய்ம் தர வேண்டிய நிதியாண்டின் தொடக்கத்தில் இருந்த விகிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே விளக்கம் இருந்தது. 2025 ஏப்ரல் 1-ல் அது 6.50. இரண்டைச் சேர்த்தால் 8.50 சதவீதம். ₹1,09,000-க்கு ஒரு நாளைக்குச் சுமார் ₹25. பெரிய தொகை இல்லை. ஆனாலும் விடாமல் கேட்டோம். நாளுக்கு நாள் ஏறும் ஒரு எண் கடிதத்தில் இருந்தால், கோப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறவர் அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது கோரிக்கைதான் குவெரிச் சங்கிலியை அறுப்பது: இன்னும் ஏதாவது ஆவணம் தேவை என்றால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில், ஒரே முறையில் கேட்க வேண்டும். நான்காவது, ஏற்க முடியாது என்றால் எந்தப் பாலிசிப் பிரிவின்படி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நிராகரிப்பைக் கேட்டு வாங்குவதா என்று அண்ணன் தயங்கினார். பதிலே இல்லாமல் தொங்குவதைவிடக் காரணத்தோடு வரும் நிராகரிப்பு மேல், அதை எதிர்த்து அடுத்த படிக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு சரி என்றார்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த அதிகாரி டாக்டர் அல்ல, உங்கள் கோப்பை இதற்கு முன் பார்த்தவரும் அல்ல. உங்கள் முதல் பக்கத்தை வைத்துத்தான் கிளெய்ம் துறையிடம் கேள்வி கேட்பார். அண்ணி பட்ட வலி, கடன் வாங்கிய கதை, ஏஜென்ட் பாலிசி விற்றபோது சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை. "மோசடி", "கோர்ட்டுக்கு இழுப்பேன்" போன்ற சொற்களும் வேண்டாம். அவை வந்தால் கடிதம் சட்டத் துறையின் மேசைக்குப் போய் அங்கே காத்திருக்க நேரலாம்.

மே 19, திங்கட்கிழமை காலையில் அனுப்பியது இது. எண்களையும் பெயரையும் மட்டும் எடுத்திருக்கிறேன்.

> பொருள்: GRIEVANCE – கிளெய்ம் எண் ……, பாலிசி எண் …… – 15 நாள் கெடு ஏப்ரல் 18-ல் முடிந்தும் முடிவு தரப்படவில்லை
>
> ஐயா / அம்மையீர்,
>
> இது புகார். பதிவு செய்து புகார் எண் தரவும். என் மனைவியின் பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்கான கிளெய்மில், கடைசி ஆவணம் 2025 ஏப்ரல் 3-ல் உங்களுக்குக் கிடைத்தது. இன்றோடு 46 நாள். பணமும் வரவில்லை, நிராகரிப்பும் வரவில்லை.
>
> பிப்ரவரி 10–13: ஆஸ்பத்திரியில் சிகிச்சை. பில் ₹1,12,640.
> பிப்ரவரி 24: கிளெய்ம் கோப்பு டி.பி.ஏ. அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்பட்டது. இணைப்பு 1.
> மார்ச் 7: குவெரி 1, இன்டோர் கேஸ் பேப்பர் கேட்கப்பட்டது. இணைப்பு 2.
> மார்ச் 17: கேஸ் பேப்பர் உங்களுக்குக் கிடைத்தது. இணைப்பு 3.
> மார்ச் 28: குவெரி 2, மருந்து பில் விவரமும், நோய் எப்போதிலிருந்து என்ற டாக்டர் கடிதமும் கேட்கப்பட்டன. இணைப்பு 4.
> ஏப்ரல் 3: இரண்டும் மெயிலில் கொடுக்கப்பட்டன, பெற்றதற்குப் பதில் வந்தது. இணைப்பு 5. இதுவே கடைசி ஆவணம்.
> ஏப்ரல் 18: பாலிசிப்படி 15 நாள் முடிந்தது.
> ஏப்ரல் 22: குவெரி 3, மார்ச் 17-ல் பெற்ற அதே கேஸ் பேப்பர் மறுபடி கேட்கப்பட்டது. இணைப்பு 6.
> ஏப்ரல் 23: ஏற்கெனவே பெற்றதற்கான சான்றுடன் பதில் அனுப்பினேன். இணைப்பு 7.
> மே 9: வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன், கோரிக்கை எண் …… முடிவு இல்லை.
>
> பாலிசி இடைவெளியின்றி நான்காவது ஆண்டில் உள்ளது. பித்தப்பைக் கல்லுக்கான 2 ஆண்டுக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது.
>
> நான் கேட்பது:
> 1. ₹1,09,000-ஐ என் வங்கிக் கணக்கில் செலுத்தவும்.
> 2. ஏப்ரல் 3 முதல் பணம் தரும் நாள் வரை, பாலிசியில் சொன்னபடி வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தரவும்.
> 3. இனியும் ஆவணம் தேவை என்றால் முழுப் பட்டியலையும் ஒரே முறையில் தரவும்.
> 4. ஏற்க முடியாது என்றால் பாலிசிப் பிரிவைக் குறிப்பிட்டுக் காரணத்தை எழுத்தில் தரவும்.
>
> விதிப்படி 14 நாளில், ஜூன் 2-க்குள், பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஏப்ரல் 18-ஐயும் 22-ஐயும் அடுத்தடுத்து வைத்ததைக் கவனியுங்கள். மூன்றாவது குவெரி, கெடு முடிந்து நான்கு நாள் கழித்துப் போடப்பட்டது. அதுவும் கையில் இருக்கும் காகிதத்துக்காக. இதைக் கடிதத்தில் வாதமாக எழுதவில்லை. தேதிகள் அந்த வரிசையில் நின்றாலே படிக்கிறவருக்குத் தெரியும்.

காத்திருப்புக் காலம் பற்றிய வரியையும் யோசித்துத்தான் சேர்த்தோம். "நோய் எப்போதிலிருந்து" என்று கேட்டால், முன்பே இருந்த நோயா, காத்திருப்புக் காலத்துக்குள் வந்ததா என்று பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பித்தப்பைக் கல், கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு, பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு ஆன பிறகுதான் பணம் என்ற காத்திருப்பு பல பாலிசிகளில் உண்டு. உங்கள் பாலிசி அதைத் தாண்டியிருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். தாண்டவில்லை என்றால் சொல்லாதீர்கள். அந்த நிலையில் புகார் செய்தால் நிராகரிப்புத்தான் சீக்கிரம் வரும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இணைப்புகளை ஒரே பி.டி.எஃப்.ஆக, எண் போட்டு வைத்தோம். மொத்தம் பதினொரு பக்கம். மருத்துவக் கோப்பு முழுவதையும் மறுபடி அனுப்பவில்லை. அதை அனுப்பினால் அது "புதிய ஆவணங்கள்" ஆகிவிடும், அன்றைக்கு மறுபடி கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகும். இந்தக் கடிதத்தோடு போக வேண்டியவை கொடுத்ததற்கான சான்றுகள் மட்டும்தான்.

அனுப்பிய பிறகு

புகார் எண் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளில் வராவிட்டால் அதே மெயிலின் தொடர்ச்சியில் ஒரு வரி போட்டுக் கேளுங்கள். புது மெயில் தொடங்காதீர்கள். இடையில் டி.பி.ஏ.விலிருந்து யாராவது போன் செய்து, "சார், புகாரை வாபஸ் வாங்கிக்கிட்டா சீக்கிரம் பண்ணித் தரோம்" என்று சொன்னால், பணம் கணக்கில் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பதினான்கு நாளில் பதில் இல்லை அல்லது சாரமில்லாத பதில் என்றால் இரண்டு வழி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம் bimabharosa.irdai.gov.in, தொலைபேசி 155255. அங்கே பதிவு செய்தால் புகார் மறுபடி அதே கம்பெனிக்குத்தான் போகும், ஆனால் ஒழுங்குமுறை அமைப்பின் பார்வையில் போகும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தானே தீர்ப்புச் சொல்லிப் பணம் வாங்கித் தராது. தீர்ப்பு வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ₹50 லட்சம் வரையிலான பிரச்சினைகளை எடுப்பார்கள். ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். அது கிடைத்து ஒரு மாதம் ஆகியும் பதில் வராமலோ, வந்த பதில் திருப்தியில்லாமலோ இருக்க வேண்டும். அப்போதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். போனில் மட்டும் சண்டை போட்டவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ நடந்துகொண்டிருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

அண்ணன் கணக்கில், மே 19-ல் கிடைத்த கடிதத்துக்கு ஜூன் 19-ல் ஒரு மாதம். அந்தத் தேதியை அவர் வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தோம். சென்னை ஆம்புட்ஸ்மன் அலுவலகம் அண்ணாசாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். மனுவை cioins.co.in தளத்திலும் போடலாம். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. அதே காலவரிசையில் மே 19-ஐயும் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்தால் போதும்.

அங்கே போக வேண்டியிருக்கவில்லை. மே 29-ல் மெயில் வந்தது: ₹1,05,200 ஏற்கப்பட்டது. ₹3,800 எதற்குக் கழித்தார்கள் என்று சொல்லவில்லை, வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் சந்தோஷத்தில் விட்டுவிடலாம் என்றார். அண்ணிதான், "கேட்டா என்ன, எழுதுங்க" என்றார். அதே தொடர்ச்சியில் கழித்ததற்கான விவரத்தையும் வட்டியையும் கேட்டு இரண்டு வரி எழுதினோம். கழித்ததெல்லாம் மருந்தல்லாத பொருட்கள் என்று பட்டியல் வந்தது. பில்லோடு வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது, ஒப்புக்கொண்டோம். ஜூன் 4-ல் கிளெய்ம் தொகை ஏறியது. ஏப்ரல் 3-லிருந்து 62 நாளுக்கு வட்டி ₹1,519 அடுத்த இரண்டு வாரத்தில் தனியாக வந்தது. அந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் அண்ணன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.